லீஸ்ல ரேட்ஸ் உயர்வு கிளாஸ்: உயர்வுன்னா எதுக்கு மேல உயர்வு?

சாட்ஸ்வர்த் மசாலாக்கடை, 11 ஆகஸ்ட் 2025

தென்னாப்பிரிக்காவுல, டர்பன் பக்கம் என் கடை. லீஸ் 2020 ஜூலை 1ல ஆரம்பிச்சது, ஏழு வருஷம். கட்டடத்துல மூணு கடை, நடுக்கடை என்னுது. லீஸ்ல 9ஆம் கிளாஸ், அதாவது ஷரத்து, மாநகராட்சி போடற சொத்து வரியான ரேட்ஸ் பத்தினது, தமிழ்ல சொல்றேன்: "லீஸ் தொடங்கிய பிறகு கட்டடத்தின் மாநகராட்சி ரேட்ஸில் ஏற்படும் எந்த உயர்விலும் மூன்றில் ஒரு பங்கை டெனன்ட் மாதாமாதம் கட்ட வேண்டும்." அவ்வளவுதான், எதோட ஒப்பிட்டு உயர்வுன்னு ஒரு வார்த்தை இல்ல. இத்தனை வருஷமா ஏஜென்ட் ஆபீஸ் போன வருஷத்தோட ஒப்பிட்டுத்தான் இன்வாய்ஸ் போட்டாங்க, நானும் தவறாம கட்டினேன். இப்ப லேண்ட்லார்ட் ஏஜென்டை மாத்திட்டாரு. புது ஏஜென்ட் போன மாசம் லெட்டர் அனுப்பியிருக்காரு, 2020 ரேட்ஸோடதான் ஒப்பிடணுமாம், பாக்கி 12,600 ரேண்ட், 14 நாள்ல கட்டணுமாம். கட்டணுமா வேணாமா?

நேரடிப்பேச்சு, 11 ஆகஸ்ட்

ஒரு சென்ட் கட்டாதீங்க அக்கா. சட்டம் தெளிவா இருக்கு, வாசகம் ரெண்டு மாதிரி அர்த்தம் குடுத்தா எழுதினவனுக்கு எதிராத்தான் படிக்கணும். லீஸ் எழுதினது அவங்க. கதை முடிஞ்சது. இந்த மாச வாடகையையும் நிறுத்தி வைங்க, அப்பதான் வழிக்கு வருவாங்க.

லீஸ்கட்டு, 11 ஆகஸ்ட்

வாடகையை நிறுத்தாதம்மா! அது முதல்ல. வாடகை நின்னா லீஸையே ரத்து பண்ண அவங்க கையில நீயே காரணம் குடுக்கற மாதிரி, அப்புறம் 9ஆம் கிளாஸ் பத்தி பேச கடையே இருக்காது. சண்டையில இல்லாத தொகையை தேதி தவறாம கட்டு, சண்டையில இருக்கறதை எழுத்துல மறு.

நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல வக்கீல் ஆபீஸ்ல லீஸ் கட்டு பார்த்தே ரிட்டயர் ஆனவன். வக்கீல் இல்ல, ஆனா இந்த மாதிரி கிளாஸ் நிறைய என் மேசையைத் தாண்டிப் போயிருக்கு. வருஷா வருஷம் ரேட்ஸ் என்ன, உனக்கு வந்த இன்வாய்ஸ் என்னன்னு போடு. வாடகை எவ்வளவு, அது எப்படி கூடுதுன்னும் சொல்லு.

சாட்ஸ்வர்த் மசாலாக்கடை, 12 ஆகஸ்ட்

கட்டடத்துக்கு மாச ரேட்ஸ்: 2020/21ல 9,000. அடுத்த வருஷம் 9,450. அப்புறம் 9,900, 10,800, போன வருஷம் 11,250. என்கிட்ட வாங்கினது மாசம் 150, அடுத்து 150, அடுத்து 300, அடுத்து 150. பழைய 150 போய் புது 150 வந்துச்சு, ஒண்ணு மேல ஒண்ணு சேரல.

வாடகை 14,000ல ஆரம்பிச்சது, 5ஆம் கிளாஸ்படி ஒவ்வொரு ஜூலையும் "முந்தைய ஆண்டு வாடகையில்" 7% கூடும்.

லீஸ்கட்டு, 12 ஆகஸ்ட்

சரி, கணக்கு பார்த்துட்டேன். 2020 அடிப்படைன்னா உன் பங்கு மாசம் 150, 300, 600, 750. முதல் வருஷம் ரெண்டு முறையிலயும் ஒண்ணுதான். ரெண்டாம் வருஷம் வித்தியாசம் மாசம் 150, மூணாவது 300, நாலாவது 600. பன்னிரண்டால பெருக்கினா 1,800, 3,600, 7,200. மொத்தம் 12,600, அவங்க கூட்டல் சரிதான். ஆனா இது பாக்கியோட நிக்காது, லீஸ் 2027 வரைக்கும் ஓடுது, வித்தியாசம் வருஷா வருஷம் பெருசாகும். அதனால சும்மா குடுத்துத் தொலைப்போம்னும் விடாத.

நேரடிப்பேச்சு தம்பி சொன்னது பாதி சரி. எழுதினவருக்கு எதிரான விதி, கான்ட்ரா ப்ரொஃபெரென்டெம்னு வக்கீலுங்க சொல்றது, நம்ம கோர்ட்ல இருக்கு. ஆனா அது கடைசி வரிசையில நிக்கற ஆளு. 2012ல எண்டுமேனி கேஸ்ல அப்பீல் கோர்ட் சொன்ன முறைதான் இப்ப எல்லாரும் பிடிச்சிருக்கறது: வார்த்தை, அது நிக்கற சூழல், அது எதுக்காக வந்தது, மூணையும் ஒரே மூச்சுல சேர்த்துப் பார்க்கணும், முதல்ல அகராதி அப்புறம் சூழல்னு படி கட்டக்கூடாது. வியாபாரத்துக்கு ஒவ்வாத அர்த்தத்தை விட ஒவ்வற அர்த்தத்தை எடுக்கணும். அதே ஜட்ஜ்மென்ட்லயே எச்சரிக்கையும் இருக்கு, ஜட்ஜ் தனக்கு நியாயம்னு படறதை எழுதின வார்த்தைக்குப் பதிலா வெக்கக்கூடாதுன்னு. இதெல்லாம் பார்த்தும் ரெண்டு அர்த்தம் சமமா நின்னாதான் எழுதினவர் யாருங்கற கேள்வியே வரும்.

டோங்காட் கரும்பு, 13 ஆகஸ்ட்

நானும் ரெண்டு சின்ன கடை வாடகைக்கு விட்டவன், அதனால மறுபக்கத்துல இருந்து சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. "லீஸ் தொடங்கிய பிறகு ஏற்படும் எந்த உயர்விலும்"னு தெளிவா எழுதியிருக்கு. 2021ல ஏறின 450 லீஸ் தொடங்கின பிறகு ஏறினதுதானே? அது 2022ல இறங்கிடுச்சா? இல்ல, லேண்ட்லார்ட் அந்த 450ஐ இன்னிக்கும் மாசா மாசம் மாநகராட்சிக்குக் கட்டிட்டுத்தான் இருக்காரு. அப்ப அதுல மூணுல ஒரு பங்கு ஏன் ஒரே வருஷத்தோட நிக்கணும்? அப்படி ஒரு கிளாஸை எந்த லேண்ட்லார்ட் ஒத்துப்பாரு? 5ஆம் கிளாஸ்ல "முந்தைய ஆண்டு"ன்னு எழுதத் தெரிஞ்சவங்க 9ல எழுதலன்னா, வேணும்னேதான் எழுதல.

லீஸ்கட்டு, 13 ஆகஸ்ட்

கரும்பு அண்ணே சொன்னது பலமான வாதம், இதை லேசா எடுத்துக்காதம்மா. கிளாஸைப் படிச்சதும் என் மனசும் அந்தப் பக்கம்தான் சாஞ்சது. போன வருஷ முறையில பாரு: ரேட்ஸ் ஒரு வருஷம் ஏறாம அதே இடத்துல நின்னா நீ கட்டறது பூஜ்யம் ஆயிடும், அவரோ ஏறின ரேட்ஸை முழுசா கட்டிட்டு இருப்பாரு. எதிர்தரப்பு வக்கீல் முதல்ல இதைத்தான் பிடிப்பாரு.

உனக்கு இருக்கற பதில், "லீஸ் தொடங்கிய பிறகு"ங்கறது உயர்வு எப்ப நடக்கணும்னு சொல்லுது, எதுல இருந்து அளக்கணும்னு சொல்லல. "முந்தைய ஆண்டு" 9ல இல்லங்கறது உண்மை, ஆனா "தொடக்க ஆண்டு"ன்னும் இல்லையே. அந்த ஒப்பீடு ரெண்டு பக்கமும் ஓடும்.

நேரடிப்பேச்சு, 13 ஆகஸ்ட்

அண்ணா நியாயம்னு ஒண்ணு இல்லையா? நாலு வருஷம் கழிச்சு வந்து கேக்கறாங்க. எந்த ஜட்ஜ் இதை ஒத்துப்பாரு?

லீஸ்கட்டு, 13 ஆகஸ்ட்

கடுமையா இருக்குங்கறதுக்காக மட்டும் ஜட்ஜ் வாசகத்தை மாத்த மாட்டாரு தம்பி. பிரிட்டன் சுப்ரீம் கோர்ட் 2015ல ஆர்னால்ட் எதிர் பிரிட்டன்னு ஒரு கேஸ் பார்த்துச்சு. வேல்ஸ்ல கடலோரம் விடுமுறை வீடுங்க, 99 வருஷ லீஸ், சர்வீஸ் சார்ஜ் 90 பவுண்டுல ஆரம்பிச்சு வருஷம் 10% கூட்டுவட்டி மாதிரி ஏறும். கணக்குப்படி 2072ல ஒரு சின்ன வீட்டுக்கு வருஷம் 550,000 பவுண்டுக்கு மேல போகும். வீட்டுக்காரங்க, அது உச்சவரம்பாத்தான் இருக்கணும், உண்மையான செலவுல எங்க பங்கைத்தான் கட்டணும்னு வாதாடினாங்க. தோத்தாங்க. வார்த்தை தெளிவா இருக்கு, பின்னாடி பார்த்து மோசமான பேரம்னு தெரியறதுக்காக வேற அர்த்தம் குடுக்க முடியாதுன்னு பெரும்பான்மை ஜட்ஜுங்க சொல்லிட்டாங்க. நம்ம நாட்டுக்கு அது கட்டாயம் இல்ல, ஆனா நம்ம ஆளுங்களும் இதே கவலையோடதான் எழுதறாங்க. வியாபார நோக்கம்னு நாம சொல்றப்ப, கையெழுத்துப் போட்ட அன்னிக்கு ரெண்டு பேருக்கும் இருந்த நோக்கத்தைத்தான் பார்க்கணும். இன்னிக்கு எது வலிக்குதுங்கறதை இல்ல.

ஃபீனிக்ஸ் ஆயா, 14 ஆகஸ்ட்

என் பேத்தி குடியிருந்த ஃபிளாட்டுக்கு டெபாசிட் திருப்பித் தரல, சுவத்துல ஆணி அடிச்சீங்கன்னு பிடிச்சுக்கிட்டாங்க. நாங்க ரென்டல் ஹவுசிங் டிரிபியூனலுக்குப் போனோம், காசு கேக்கல, வக்கீலும் வேணாம்னுட்டாங்க. நீயும் அங்க போ கண்ணு, கடைக்காரங்களை நல்லா பார்த்துப்பாங்க.

லீஸ்கட்டு, 14 ஆகஸ்ட்

ஆயா, பேத்திக்கு அது சரியான இடம். ஆனா அந்த டிரிபியூனல் குடியிருக்கற வீட்டுக்குத்தான், கடை லீஸை எடுக்க மாட்டாங்க. இவங்க விஷயம் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்குத்தான் போகும். ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் 20,000 ரேண்ட் வரைக்கும் எடுக்கும், ஆனா அங்க கம்பெனி வழக்குப் போட முடியாது, தனி ஆளுதான் போடலாம்.

லீஸ்கட்டு, 14 ஆகஸ்ட், ராத்திரி

படுத்தும் இதேதான் ஓடிட்டு இருந்துச்சு, எழுந்து கணக்கு போட்டேன். கரும்பு அண்ணே வாதத்துல ஒரு ஓட்டை இருக்கு, 7% ஏத்தம்.

2020ல உன் வாடகை 14,000. அன்னிக்கு கட்டட ரேட்ஸ் 9,000, உன் கடைப்பங்கு 3,000. தனியா ரேட்ஸ் கேக்காததால அந்த 3,000 வாடகைக்குள்ளயே இருந்துச்சுன்னு அர்த்தம். அந்த 3,000மும் வருஷா வருஷம் வாடகையோட சேர்ந்து 7% ஏறுது. முதல் ஏத்தத்துல 210 கூடியாச்சு, ரேட்ஸ்ல உன் பங்கு நிஜமா ஏறினது 150. நாலு ஏத்தத்துக்கு அப்புறம் அந்த 3,000 கிட்டத்தட்ட 3,930 ஆயிருக்கு, நிஜமான பங்கு 3,750. அதாவது ரேட்ஸ் உயர்வு முழுக்க வாடகை ஏத்தத்துலயே அவருக்கு வந்து சேர்ந்துடுச்சு. அதுக்கு மேல 2020ல இருந்து மொத்த உயர்வையும் கேட்டா ஒரே செலவை ரெண்டு தடவை வசூல் பண்ற மாதிரி. போன வருஷ முறைக்கு இப்ப ஒரு வியாபார அர்த்தம் வருது: அந்த வருஷ உயர்வைப் பங்கு போட்டுக்கறது, அடுத்த வருஷத்துல இருந்து வாடகை ஏத்தம் அதைத் தாங்கிக்கும்.

டோங்காட் கரும்பு, 15 ஆகஸ்ட்

கணக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா 7% இடத்தோட மதிப்புக்கும் விலைவாசிக்கும், ரேட்ஸுக்கு இல்ல. ஏத்தமே ரேட்ஸை மூடிடும்னா 9ஆம் கிளாஸ் எதுக்கு? ஒரு கிளாஸை வெட்டியாக்கற அர்த்தத்தை கோர்ட் எடுக்காதுன்னு நீங்களே சொல்லுவீங்களே.

லீஸ்கட்டு, 15 ஆகஸ்ட்

போன வருஷ முறையில கிளாஸ் வெட்டி ஆகல அண்ணே, நாலு வருஷத்துல 9,000 ரேண்ட் வசூலாகியிருக்கு. ஆனா உங்க முதல் பாதி நிக்குது. வியாபார நோக்கம்னு ரெண்டு பேருமே நேர்மையா ஆளுக்கு ஒரு கதை சொல்ல முடியுது, ரெண்டும் அபத்தமா இல்ல. நோக்கத்தை மட்டும் வெச்சு இந்த கேஸ் தீராது. அதனாலதான் இன்வாய்ஸ் எனக்கு முக்கியமாப் படுது. ஒப்பந்தத்தை ரெண்டு பேரும் எப்படி நடத்தினாங்கங்கறது, அவங்க அதை எப்படிப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு காட்டற சாட்சி. 2012ல காம்வெஸி கேஸ்ல அப்பீல் கோர்ட் அதை ஏத்துக்கிச்சு.

சாட்ஸ்வர்த் மசாலாக்கடை, 15 ஆகஸ்ட்

புது ஏஜென்ட் அதுக்கும் பதில் வெச்சிருக்காரு அண்ணா. பழைய ஆபீஸ் தப்பா கணக்குப் போட்டுச்சு, அதோட லீஸ்ல "எழுத்துல கையெழுத்தில்லாம எந்த மாற்றமும் செல்லாது"ன்னு கிளாஸ் இருக்கு, அதனால இன்வாய்ஸ் லீஸை மாத்தாதுங்கறாரு.

லீஸ்கட்டு, 15 ஆகஸ்ட்

ரெண்டாவது பேச்சு எடுபடாது. அந்த மாதிரி கிளாஸ் செல்லும்னு 1964லயே ஷிஃப்ரன் கேஸ்ல தீர்ந்துடுச்சு, சரி. ஆனா நீ லீஸ் மாறிடுச்சுன்னு சொல்லல. முதல் நாள்ல இருந்தே இதுதான் அர்த்தம், இன்வாய்ஸ் அதுக்கு சாட்சின்னு சொல்ற. லெட்டர்ல "நடைமுறையில் மாற்றிக்கொண்டோம்"னு மட்டும் எழுதிடாத, அங்கதான் மாட்டுவ.

முதலாவது பேச்சுதான் பயம். கம்ப்யூட்டர்ல ஒரு பொண்ணு போன வருஷ எண்ணைத் தட்டிட்டு இருந்திருந்தா அது லேண்ட்லார்டோட புரிதல் ஆகாது, வெறும் தவறு. வெறும் தொகை போதாது, யாராவது காரணத்தோட எழுதியிருக்கணும். பழைய மெயில், கவர் லெட்டர் எல்லாம் தேடு.

சாட்ஸ்வர்த் மசாலாக்கடை, 18 ஆகஸ்ட்

கிடைச்சிடுச்சு! 2022 ஜூலை இன்வாய்ஸோட ஒரு லெட்டர்: "சென்ற ஆண்டைவிட கட்டட ரேட்ஸ் 450 கூடியுள்ளது, 9ஆம் கிளாஸ்படி உங்கள் பங்கு 150, சென்ற ஆண்டின் 150 இத்துடன் முடிகிறது." லேண்ட்லார்டுக்கும் நகல்னு கீழ போட்டிருக்கு.

இன்னொண்ணும் பார்த்தேன். 9ஆம் கிளாஸ் முழுசும் அச்சு இல்ல. அச்சுல "ரேட்ஸில் மூன்றில் ஒரு பங்கு"ன்னு இருந்ததை பேனாவால அடிச்சு, மேல சின்ன எழுத்துல "லீஸ் தொடங்கிய பிறகு ஏற்படும் எந்த உயர்விலும்"னு எழுதி, ஓரத்துல ரெண்டு பேர் இனிஷியலும் இருக்கு. அப்பா கூட உட்கார்ந்து முழு ரேட்ஸும் தர முடியாதுன்னு பேசினது ஞாபகம் வருது. எழுதினது ஏஜென்ட் கைதான், ஆனா கேட்டது நாங்க.

நேரடிப்பேச்சு, 18 ஆகஸ்ட்

ஐயோ, அப்ப எழுதினவருக்கு எதிரான விதி போச்சா?

லீஸ்கட்டு, 19 ஆகஸ்ட்

பலவீனம் ஆயிடுச்சு. அந்த விதிக்குக் காரணமே, வார்த்தையைத் தேர்ந்தெடுத்தவர் தெளிவா எழுதியிருக்கலாமே, குழப்பத்தோட நஷ்டம் அவரைச் சேரட்டும்ங்கறதுதான். ரெண்டு பேரும் பேசி எழுதின வரின்னா அந்தக் காரணம் தளர்ந்துடுது. உன் கோரிக்கை, அவர் வாசகம், ரெண்டு இனிஷியல். எந்தப் பக்கமும் போகலாம்.

இன்னொரு எல்லையும் இருக்கு. நம்ம டர்பன் கேஸ், வாட்டர் வண்டர்லேண்ட் எதிர் போத்தா. பொழுதுபோக்குப் பூங்கா ராட்டினத்துல இருந்து தாயும் குழந்தையும் தூக்கி எறியப்பட்டு அடிபட்டாங்க, நிர்வாகம் பொறுப்பில்லைன்னு போர்டு வெச்சிருந்துச்சு. சந்தேகம் இருந்தா போர்டு வெச்சவருக்கு எதிராத்தான்னு அப்பீல் கோர்ட் ஒத்துக்கிச்சு, ஆனா அந்த மாற்று அர்த்தம் வாசகம் நியாயமா தாங்கக்கூடியதா இருக்கணும், எங்கயோ தேடிப் பிடிச்சதா இருக்கக்கூடாதுன்னுட்டு நிர்வாகத்துக்கே தீர்ப்பு குடுத்துச்சு. உன் அர்த்தம் தேடிப் பிடிச்சது இல்ல, அவங்க பழைய ஏஜென்டே வருஷக்கணக்கா அப்படித்தான் படிச்சாரு.

இப்ப ஒரு கேள்வி, இதுதான் பெருசு. லீஸ்ல டெனன்ட்னு இருக்கறது உன் பேரா, கம்பெனி பேரா?

சாட்ஸ்வர்த் மசாலாக்கடை, 19 ஆகஸ்ட்

என் பேர்தான். கம்பெனி 2022ல பதிவு பண்ணினேன், வாடகை இப்ப கம்பெனி அக்கவுண்ட்ல இருந்து போகுது, லீஸை மாத்தல.

லீஸ்கட்டு, 19 ஆகஸ்ட்

அப்ப 2008 கன்ஸ்யூமர் ப்ரொடெக்‌ஷன் சட்டத்துல செக்‌ஷன் 4(4)ஐ வக்கீல்கிட்ட காட்டு. சப்ளையர் தயாரிச்ச, இல்ல அவருக்காக வேற யாராவது தயாரிச்ச ஒப்பந்தத்துல நியாயமான ரெண்டு அர்த்தம் வந்தா, கன்ஸ்யூமருக்குச் சாதகமா தீர்க்கணும்னு அது கோர்ட்டைக் கட்டாயப்படுத்துது. பழைய விதி மாதிரி இஷ்டப்பட்டா எடுத்துக்கற கடைசி ஆயுதம் இல்ல. பேனா வரியும் ஏஜென்ட் கையெழுத்துலதான் இருக்கு, அதனால லேண்ட்லார்டுக்காகத் தயாரிச்சதுன்னு வாதாடலாம். எழுதினவருக்கு எதிரா படிக்கக்கூடாதுன்னு லீஸ்ல கிளாஸ் இருந்தாலும், இந்தச் சட்டம் குடுத்த உரிமையை ஒப்பந்தத்தால பிடுங்க முடியாது.

தனி ஆளுக்கு இந்தச் சட்டத்துல வருமான வரம்பு இல்ல. கம்பெனின்னா சொத்தோ வருஷ விற்பனையோ 2 மில்லியன் ரேண்ட் ஆயிட்டாலே பாதுகாப்பு போயிடும். கம்பெனி அக்கவுண்ட்ல இருந்து வாடகை போறதை வெச்சு நிஜமான டெனன்ட் கம்பெனிதான்னு அவங்க சொல்லிப் பார்ப்பாங்க. லீஸ் இன்னும் உன் பேர்லதான், அதுல நில்லு. அவங்க புது ஃபார்ம் நீட்டினா கம்பெனி பேர்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி வக்கீலைப் பாரு.

டோங்காட் கரும்பு, 20 ஆகஸ்ட்

இந்த செக்‌ஷன் எனக்கு புதுசு. ஆனாலும் அடிச்ச வரியையே பாருங்க. முழு ரேட்ஸ்ல பங்குன்னு இருந்ததை உயர்வுல மட்டும்னு குறைச்சாங்க. அப்ப 9,000 வரைக்கும் லேண்ட்லார்ட், அதுக்கு மேல பங்குன்னுதானே பேரம்? என்கிட்ட வந்து பேசியிருந்தா நான் அப்படித்தான் புரிஞ்சுக்கிட்டிருப்பேன்.

லீஸ்கட்டு, 20 ஆகஸ்ட்

ஆமா. அந்த பேனாக்கோடு எனக்கும் உறுத்துது. அடிச்ச வரியை கோர்ட் பார்க்கலாமாங்கறதுலயே வக்கீலுங்க மல்லுக்கட்டுவாங்க, ஆனா 2021ல ஆக்லண்ட் பார்க் கேஸ்ல அரசியல் சட்ட கோர்ட் சூழலைத் தாராளமா உள்ள விடணும்னு சொன்ன பிறகு, அதைப் பார்க்காம இருப்பாங்கன்னு நம்ப முடியல. 2022 லெட்டரும் 4(4)ம் உன் கையில, பேனாக்கோடும் "தொடங்கிய பிறகு"ம் அவங்க கையில. இதுல ஜெயிப்பன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

பதில் லெட்டர்ல மூணு விஷயம் வை. பாக்கியை மறுக்கறேன், 9ஆம் கிளாஸுக்கு ரெண்டு பேரும் குடுத்த அர்த்தம் 2022 ஜூலை லெட்டர்ல இருக்கு (நகல் இணை), இந்த வருஷத்துக்கு அதே முறையில வர்ற தொகையைக் கட்டறேன். "தவணையில தரேன்", "கொஞ்சம் டைம் குடுங்க"ன்னு ஒரு வரி கூட வேணாம். கடனுக்கு காலாவதி வழக்கமா மூணு வருஷம், 2022 ஜூலை வித்தியாசம் ஏற்கனவே தாண்டியாச்சு, ஒவ்வொரு மாசமும் இன்னொண்ணு விழும். அவங்க டிமாண்ட் லெட்டர் அந்த ஓட்டத்தை நிறுத்தாது, சம்மன் வந்தாதான் நிக்கும். ஆனா நீயா கடனை ஒத்துக்கிட்டா அந்த நாள்ல இருந்து மூணு வருஷம் புதுசா ஓட ஆரம்பிச்சிடும்.

சாட்ஸ்வர்த் மசாலாக்கடை, 29 ஆகஸ்ட்

லெட்டர் போச்சு. இன்னிக்கு பதில்: பாக்கியை விட்டுடறாங்களாம், ஆனா இனிமே 2020 அடிப்படைன்னு ஒரு திருத்தத்துல கையெழுத்து கேக்கறாங்க. இந்த வருஷ ரேட்ஸ் 11,700. மாசம் 150க்குப் பதிலா 900.

நேரடிப்பேச்சு, 29 ஆகஸ்ட்

பாக்கி போச்சுன்னா போட்டுடுங்க அக்கா, நிம்மதி.

லீஸ்கட்டு, 29 ஆகஸ்ட்

மாசம் 750 வித்தியாசம், இந்த ஒரு வருஷத்துலயே 9,000. அடுத்த வருஷம் ரேட்ஸ் எவ்வளவு ஏறினாலும் இதுக்குக் குறையாது, அப்ப ரெண்டு வருஷத்துல குறைஞ்சது 18,000. விட்டுக்குடுக்கறது 12,600. திருத்தத்துல கையெழுத்துப் போட்டா குழப்பமே போயிடும், குழப்பம் போனா 4(4)ம் போச்சு. பாக்கியை மட்டும் விட்டுட்டு 9ஐ அப்படியே வெக்க ஒத்துப்பாங்களான்னு கேளு, இல்லன்னா மாசம் எவ்வளவுல நிக்கலாம்னு பேசு. வக்கீல் ஃபீஸ் என்ன ஆகும்னு விசாரிச்சியா?

சாட்ஸ்வர்த் மசாலாக்கடை, 30 ஆகஸ்ட்

திங்கக்கிழமை ஒருத்தரைப் பார்க்கறேன். மாசம் 400 வரைக்கும் போகலாம்னு வீட்டுல பேச்சு. அவங்க கேட்ட திருத்தத்துல கையெழுத்துப் போடல.

டோங்காட் கரும்பு, 30 ஆகஸ்ட்

400 நியாயம். நான் லேண்ட்லார்டா இருந்தா 450 கேட்டிருப்பேன். என் லீஸ் ரெண்டையும் எடுத்துப் பார்த்தேன், ரெண்டுலயும் இதே வரிதான் இருக்கு, அடிப்படை ஆண்டே இல்ல. லீஸ்கட்டு அண்ணே, அடுத்த புதுப்பிப்புல "2026/27 ரேட்ஸுக்கு மேல்"னு போட்டா போதுமா, இல்ல ரேண்ட் தொகையையே எழுதணுமா?

லீஸ்கட்டு, 31 ஆகஸ்ட்

தொகையையே எழுதுங்க அண்ணே. ஆண்டு மட்டும் போட்டா, மாநகராட்சி கணக்கு ஜூலையில மாறுது, லீஸ் மார்ச்ல ஆரம்பிச்சா எந்தப் பாதின்னு அடுத்த சண்டை வரும். கீழ ஒரு உதாரணக் கணக்கும் போட்டு, அதுக்கும் ரெண்டு பேரும் இனிஷியல் வைங்க.